கைது வாரண்ட் என்று வாட்ஸ்அப்பில் வந்ததும், முத்திரை இல்லாமல் தபாலில் வந்ததும்

"வணக்கம் ஐயா. எனக்குக் குடியாத்தம் பக்கம். மச்சான் லோடு வண்டி எடுத்தபோது ஃபைனான்ஸ் கம்பெனியில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். பல மாதமாக அவன் தவணை கட்டவில்லை. போன வாரம் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு பி.டி.எஃப். வந்தது. மேலே சிங்க முத்திரை, 'வேலூர் நீதிமன்றம்', 'கைது வாரண்ட்' என்று இருக்கிறது. 48 மணி நேரத்தில் கீழே உள்ள நம்பருக்குப் பேசிப் பணம் கட்டாவிட்டால் போலீஸ் வருமாம். இரண்டு நாள் கழித்து சென்னையிலிருந்து ரிஜிஸ்டர் தபால். அதில் முத்திரை எதுவும் இல்லை. ஆர்பிட்ரேட்டர் என்று ஒரு வக்கீல் வரும் 24ஆம் தேதி ஆஜராகச் சொல்கிறார். அது கோர்ட்டு தாள் இல்லையே என்று எடுத்து வைத்துவிட்டேன். நகையை அடகு வைத்து வாட்ஸ்அப்காரருக்குக் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

நகையை அடகு வைக்காதீர்கள். அந்த நம்பருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். எடுத்து வைத்துவிட்ட தபாலை உடனே வெளியே எடுங்கள், உங்களைக் கட்டுப்படுத்தக்கூடியது அதுதான்.

முதலில் வாட்ஸ்அப் தாளைப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் வந்தது என்பதற்காகவே அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு, குற்ற வழக்கில் சம்மனை மின்னணு வழியிலும் அனுப்ப இடம் கொடுக்கிறது. ஆனால் அதில் அந்த நீதிமன்றத்தின் முத்திரைப் படமோ டிஜிட்டல் கையொப்பமோ இருக்க வேண்டும். சிங்க முத்திரை அரசின் சின்னம், அது நீதிமன்ற முத்திரை ஆகாது. நீதிமன்ற முத்திரையில் அந்த நீதிமன்றத்தின் பெயரும் ஊரும் இருக்கும்.

பெயரிலேயே உங்கள் தாள் தவறுகிறது. 'வேலூர் நீதிமன்றம்' என்று தனியாக ஒரு நீதிமன்றம் கிடையாது. சத்துவாச்சாரி வளாகத்துக்குள் போனால் முதன்மை மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், முன்சீப், மாஜிஸ்திரேட் என்று பல நீதிமன்றங்கள் இருக்கின்றன. குடியாத்தத்திலும் நீதிமன்றம் இருக்கிறது. எந்த நீதிபதியின் எந்த நீதிமன்றம் என்று சொல்லாத உத்தரவைப் பிறப்பித்தவர் என்று யாரையும் காட்ட முடியாது.

அடுத்தது வழக்கு எண். உண்மையான சம்மனில் வழக்கின் வகை, எண், ஆண்டு மூன்றும் சேர்ந்து வரும். சிவில் வழக்கானால் ஓ.எஸ்., குற்ற வழக்கானால் சி.சி. அல்லது எஸ்.டி.சி., தீர்ப்பை நிறைவேற்றும் மனுவானால் ஈ.பி. என்று தொடங்கும். இரு தரப்பின் பெயரும், ஆஜராக வேண்டிய வாய்தா தேதியும் இருக்கும். சிவில் சம்மனில் நீதிபதி அல்லது அவர் நியமித்த அலுவலரின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் கட்டாயம், வழக்குரையின் நகலும் கூடவே வர வேண்டும். அமீனா நேரில் கொண்டுவருவார், அல்லது தபாலில் வரும். குற்ற வழக்குச் சம்மனைப் பெரும்பாலும் உங்கள் காவல் நிலையக் காவலர் கொண்டுவருவார்.

வாரண்ட் வேறு வகை. அது உங்களைப் பிடித்து வரும்படி போலீசுக்கு நீதிமன்றம் கொடுக்கும் கட்டளை. அதை உங்களுக்கே முன்கூட்டி அனுப்பி, இந்த நம்பருக்குப் பணம் கட்டினால் ரத்து என்று எந்த மாஜிஸ்திரேட்டும் எழுத மாட்டார். தவணை பாக்கி என்பது சிவில் கடன், அதற்காக மட்டும் கைது வாரண்ட் வராது. ஒரே ஒரு கேள்வி: ஜாமீன் கையெழுத்தோடு காசோலையும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்து அது வங்கியில் திரும்பினால் செக் மோசடி வழக்கு போட முடியும். அதற்கு முன்னால் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், அது கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. அப்படி எதுவும் வந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் services.ecourts.gov.in என்ற தளத்துக்குப் போங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தாளில் இருக்கும் கியூ.ஆர். கோடு, லிங்க் எதையும் தொடாதீர்கள், அவை போலித் தளத்துக்கே கொண்டுபோகலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண் தாளில் இருந்தால் அதை CNR Number என்ற கட்டத்தில் போடுங்கள். அது 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது, தமிழ்நாட்டு வழக்கானால் TN என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. எண் இல்லாவிட்டால் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்து Party Name வழியாகத் தேடலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முருகேசன் என்ற பெயரை ஒருவர் Murugesan என்றும் இன்னொருவர் Murugeshan என்றும் பதிந்திருப்பார்கள், இன்ஷியல் முன்னாலோ பின்னாலோ இருக்கும். நாலைந்து விதமாகத் தேடிப் பாருங்கள். புதிதாகத் தாக்கலான வழக்கு தளத்தில் ஏறச் சில நாள் பிடிக்கலாம். அதனால் தளத்தில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், தாளை அச்செடுத்துக்கொண்டு குடியாத்தம் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், இந்த எண்ணில் இங்கே வழக்கு உண்டா என்று கேளுங்கள். பார்த்துச் சொல்ல அதிக நேரம் ஆகாது. போலி என்று தெரிந்ததும் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுங்கள். மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

இனி அந்தத் தபாலுக்கு வருவோம். முத்திரை இல்லை, கோர்ட்டு இல்லை என்று எடுத்து வைத்தீர்கள். ஆர்பிட்ரேட்டர் என்பவர் நடுவர், நீதிபதி அல்ல என்பது சரிதான். ஆனால் கடன் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நடுவர் விசாரிப்பார் என்ற ஒரு ஷரத்து அநேகமாக இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் போகாவிட்டால் அவர் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு எழுதலாம். உரிய காலத்தில் அதை எதிர்க்காவிட்டால், அது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். அப்போது உங்கள் சொத்து வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று இங்கேயே ஈ.பி. போடலாம், சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. அந்த ஈ.பி.யில் உங்களுக்கு வரும் நோட்டீஸில் நீங்கள் தேடிய முத்திரை இருக்கும். ஆனால் கடனைப் பற்றி வாதாட வேண்டிய கட்டம் அதற்குள் தாண்டியிருக்கும். இப்படித் தாண்டிய பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வேதனைப்படுகிறது, முதல் தபாலுக்கே ஒரு பதில் எழுதியிருக்கலாமே என்று.

தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் தப்பிக்க முடியாது. சரியான முகவரிக்கு வந்ததைக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மச்சானைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்ற வாதமும் நிற்காது. ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம்.

இந்தத் தபாலை அனுப்பியவர் யார் என்று பார்க்கும் முறை வேறு. முதலில் உறையைப் பாருங்கள். அதில் 13 எழுத்துள்ள தபால் எண் இருக்கும், கடைசியில் IN என்று முடியும். அதை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் எந்த நாளில் எந்த ஊர் அஞ்சலகத்தில் பதிவானது என்று தெரியும். உள்ளே கடன் ஒப்பந்த எண்ணும் நடுவர் ஷரத்தின் எண்ணும் சொல்லியிருப்பார்கள். உங்களிடம் உள்ள ஒப்பந்த நகலோடு இரண்டையும் ஒப்பிடுங்கள். நகல் இல்லை என்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள நம்பரை நம்பாமல், மச்சானின் தவணைச் சீட்டில் உள்ள கிளை முகவரிக்கு எழுதி, இந்த நடுவரிடம் நீங்கள்தான் போனீர்களா என்று கேளுங்கள். வக்கீலின் பதிவு எண் தாளில் இருந்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் அந்தப் பெயர் உண்டா என்று விசாரிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: அவரை நியமித்தது யார்? 'கம்பெனி என்னை நடுவராக நியமித்துள்ளது' என்று கடிதமே சொல்கிறதா? அப்படியானால் உங்களிடம் பலமான ஆட்சேபணை இருக்கிறது. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் தானே தனியாக ஒரே நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலைப்பட்ச நியமனத்தை ஏற்கவில்லை. ஆனால் ஆட்சேபணையை நீங்கள் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த நியமனம் தானாகச் சாய்ந்துவிடாது. கடிதத்தோடு 'இவர் நடுவராக இருக்க எனக்குச் சம்மதம்' என்று ஒரு படிவம் வந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு எழுந்த பிறகு எழுத்தில் கொடுக்கும் சம்மதம் அந்தக் குறையைச் சரிசெய்துவிடும். வசூலுக்கு வருகிறவர் 'ரசீதுக்காக' என்று இதை நீட்டினாலும் படித்துப் பார்த்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

24ஆம் தேதிக்கு முன்னால் நடுவருக்கும் கம்பெனிக்கும் ஒரே பதிலை ஒப்புகையோடு தபாலிலும், மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி இருந்தால் போதும்: 'தங்கள் கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது. கோரிக்கை மனு, கடன் ஒப்பந்தம், கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல் எனக்கு வரவில்லை, அனுப்புங்கள். கம்பெனி தனியாகத் தங்களை நியமித்ததை ஆட்சேபிக்கிறேன், அதற்கு நான் சம்மதம் தரவில்லை. என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன்.' கடன் வாங்கவே இல்லை, கையெழுத்தே போடவில்லை என்று உண்மைக்கு மாறாக எதையும் சேர்க்காதீர்கள். பதில் அனுப்பியதோடு நிறுத்தாமல் 24ஆம் தேதி நேரிலோ வீடியோவிலோ ஆஜராகி, ஆட்சேபணையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வண்டியை ஏற்கெனவே தூக்கி விற்றிருந்தால் என்ன விலைக்குப் போனது, அது கடனில் கழிந்ததா என்று கேளுங்கள். உங்களிடம் கேட்கும் தொகை அதைப் பொறுத்துக் கணிசமாகக் குறையலாம்.

அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டால் கையொப்பமிட்ட நகல் கிடைத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 மாதத்துக்குள் அதை ரத்து செய்ய மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள் கிடைக்கும், அதற்குப் பிறகு கிடையாது.

வக்கீலுக்குச் செலவழிக்க முடியாத நிலை என்றால் குடியாத்தம் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். போகும்போது இரண்டு தாள்களோடு தபால் உறையையும் எடுத்துப் போங்கள். கடிதம் எப்போது வந்தது என்பதற்கு அஞ்சலக முத்திரை உள்ள அந்த உறைதான் உங்களிடம் இருக்கும் ஆதாரம்.