வெட்டிய மரமும் விட்டுவந்த தடமும்: காடு மீள்வது குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: தேர்ந்தெடுத்து வெட்டினால் காடு பிழைக்கும், அடியோடு வெட்டினால் அழியும். விஷயம் இவ்வளவுதானே?

பாதி சரி. வெப்பமண்டல மழைக்காட்டை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தால் பெரும்பாலும் சரி. போர்னியோவின் பெருமரங்களான டிப்டெரோகார்ப்புகள், அதாவது நம் குங்கிலியத்தின் உறவு மரங்கள், ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும். அந்த விதைக்கு உறங்கிக் கிடக்கும் திறன் கிடையாது. விழுந்த சில நாட்களில் முளைத்தாக வேண்டும். முளைத்த கன்று முழங்கால் உயரத்தில், நிழலில், மேலே ஓர் இடைவெளி திறக்கும் வரை பல ஆண்டுகள் காத்து நிற்கும். ஆகவே அடுத்த தலைமுறைக் காடு மண்ணுக்குள் விதையாக இல்லை, தரைமேல் கன்றாக நிற்கிறது. அடியோடு வெட்டி, இயந்திரத்தை ஓட்டி, மிச்சத்தை எரித்தால் அந்தக் கன்றுகள் மொத்தமும் போய்விடும். வெயில் விரும்பும் மென்மரங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் கனடாவின் ஜாக் பைன் மரத்தைப் பாருங்கள். அதன் கூம்புகள் பிசினால் மூடிக்கிடந்து தீயின் சூட்டில்தான் திறக்கின்றன. கன்றுக்கு முழு வெயில் வேண்டும். அங்கே ஒன்றிரண்டு மரங்களை மட்டும் எடுத்தால் நிழல் தாங்கும் வேறு இனங்களே மேலெழும். அத்தகைய காட்டில் அடியோடு வெட்டுவது தீ செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. ஒரு பகுதி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் தீ பட்டுப்போன மரங்களை நின்றவாறே விட்டுச் செல்லும், ரம்பம் விடாது. மரங்கொத்தியும் பட்ட மரத்தைத் தின்று வாழும் வண்டுகளும் அந்த வேறுபாட்டை நன்றாக உணர்கின்றன.

கேள்வி: ஓர் எக்டேரில் நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்க, எட்டு மரம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? முப்பத்தைந்து ஆண்டு கழித்து மறுபடி எட்டு எடுக்கலாமே?

எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஓர் எக்டேரை எடுத்துக்கொண்டு நாமும் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை.

வெட்டத்தகுந்த விட்டம் அறுபது சென்டிமீட்டர் என்பது விதி. அதற்கு மேல் ஒன்பது மரங்கள் உள்ளன. விதைக்காக ஒன்றை விட்டு எட்டை வெட்டுகிறோம். அடுத்த சுற்றில் நமக்குக் கிடைக்க வேண்டியவை இன்று நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருக்கும் மரங்கள். அவை பதினைந்து என்போம். எட்டுப் பெருமரங்கள் விழும்போதும் அவற்றை இழுத்துச் செல்லும்போதும் இந்தப் பதினைந்தில் ஐந்து முறிகின்றன அல்லது பட்டை உரிந்து பின்னர் அழுகுகின்றன. மீதி பத்து. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று இயல்பாகச் சாகும் என்று கொண்டால், முப்பத்தைந்து ஆண்டில் ஏழுதான் நிற்கும். ஒரு மரம் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் பருக்குமானால் மொத்தம் பதினேழரை சென்டிமீட்டர் கூடும். நாற்பதை ஒட்டி நின்ற ஒரு மரம் வரம்பைத் தொடாது. ஆக, ஆறு மரங்கள்.

எட்டுக்கு ஆறு பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் முதலில் வெட்டியவை நூறு சென்டிமீட்டர் விட்டம் கொண்ட முதுமரங்கள். இப்போது கிடைப்பவை எழுபது. கட்டையின் கன அளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், புதிய மரம் ஒவ்வொன்றும் பழையதில் பாதிதான் தேறும். எட்டு மரம் கொடுத்த இடத்தில் மூன்று மரத்துக்கு ஈடான கட்டைதான் வருகிறது. உலகெங்கும் நடந்த வெப்பமண்டல ஆய்வுகளை 2012 இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாம் அறுவடை முதலாவதில் ஏறத்தாழ 54 விழுக்காடாக இருந்தது. அதே தொகுப்பில், ஒருமுறை வெட்டப்பட்ட காடுகளில் பாலூட்டி, பறவை, பூச்சி, தாவர இனங்களில் 85 முதல் 100 விழுக்காடு வரை எஞ்சியிருந்தன. உயிரினங்கள் தங்குகின்றன, கட்டை குறைகிறது. வருமானம் குறைந்த காட்டைத் தோட்டமாக மாற்றிவிடலாம் என்ற பேச்சு தொடங்குவதும் அப்போதுதான்.

கேள்வி: நான் அளவெடுப்புக் குழுவில் சில காலம் வேலை பார்த்தேன். முறிந்துபோகும் அந்த ஐந்து மரங்களைக் காப்பாற்ற முடியாதா? கொடி அறுப்பது, திசை பார்த்து வீழ்த்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

முடியும், நீங்கள் கற்றதுதான் வழி. பெருமரங்களின் தலைகளைத் தடித்த கொடிகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. ஒன்றை வீழ்த்தினால் அது அண்டை மரத்தையும் இழுத்துக்கொண்டு வரும். வெட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே கொடியை அடியில் அறுத்துவிட்டால் அது காய்ந்து இற்றுப்போகும். வெட்டுவதற்கு முதல் நாள் அறுத்துவிட்டு அறிக்கையில் பதிந்துகொள்பவர்களும் உண்டு; பச்சைக் கொடி இற்றுப்போகாது என்பதால் அதனால் பயன் மிகக் குறைவு.

நன்கு பழகிய வெட்டுநர் செய்யும் இன்னொன்றை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அடிமரத்தில் ரம்பத்தின் நுனியை நெட்டுக்குத்தாகச் செருகுவார். தூள் தடையின்றி உலர்ந்து வந்தால் மரம் உள்ளே திடம். செருகும்போது ரம்பம் திடீரென்று இலகுவாக உள்ளே போனாலோ, கறுத்த ஈரச் சேறு கசிந்தாலோ உள்ளே பொந்து. அப்படிப்பட்ட மரத்தை விட்டுவிட வேண்டும். விற்க இயலாத அந்த மரந்தான் இருவாச்சி கூடு வைக்கும் மரம். அரை நிமிட வேலை. செய்யாமல் வெட்டிவிட்டு, பொந்தைக் கண்டு கட்டையை அங்கேயே போட்டுப் போவதைத்தான் அதிகம் காண்கிறோம். மரமும் போயிற்று, அது விழுந்து நசுக்கிய கன்றுகளும் போயின, கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, இழுவைத் தடம். மரங்களின் இடத்தை வரைபடத்தில் குறித்து, தடத்தை முன்கூட்டியே தரையில் அடையாளமிட்டு, புல்டோசரை அதைவிட்டு இறங்காமல் ஓட்டினால் கிளறப்படும் நிலம் பாதிக்கும் கீழே குறைகிறது. தடத்தில் அலகு மேல்மண்ணைச் சீவிவிடும். சக்கரப் பட்டை அடிமண்ணை இறுக்கும். பல ஆண்டுகள் கழித்துப் போனாலும் அந்த இடம் தெரியும்: மழைநீர் உறிஞ்சப்படாமல் தேங்கி நிற்கும், பெரணியும் புல்லும் மண்டியிருக்கும், பெருமரக் கன்று ஒன்றும் இராது. நல்ல வெட்டா கெட்ட வெட்டா என்று அறிய அடிக்கட்டைகளை எண்ணுவதைவிடத் தடத்தில் நடந்து பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

கேள்வி: என்னிடம் மூன்று ஏக்கர் மரத்தோப்பு இருக்கிறது. எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவை. தேர்ந்தெடுத்து வெட்டினால் சான்றிதழ் கிடைக்குமா?

உங்கள் தோப்பு இங்கே பேசப்படும் காட்டிலிருந்து வேறுபட்டது. ஒரே வயதில் நட்ட தோப்பில் பெரிய மரங்களைத் தேடி வெட்டினால் வளர்ச்சி மந்தமானவற்றையே மிச்சம் வைத்தவர் ஆவீர்கள். அங்கே மெலிந்தவற்றைக் களைந்து, கடைசியில் மொத்தமாக வெட்டி மீண்டும் நடுவதே முறை. சான்றிதழும் மொத்த வெட்டைத் தடை செய்யவில்லை. தோப்பு எந்த நிலத்தில் எழுந்தது என்பதே முதல் வினா: இயற்கைக் காட்டை அழித்து நட்டதா என்று பார்ப்பார்கள். காட்டு மரங்களுக்குச் சான்றிதழ் தரும் பன்னாட்டு அமைப்பான எஃப்.எஸ்.சி. நெடுங்காலம் 1994 நவம்பரை எல்லையாக வைத்திருந்தது; பின்னர் அதை 2020 டிசம்பர் இறுதிக்கு நகர்த்தி, இடைப்பட்ட காலத்தில் மாற்றியவர்கள் ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. மூன்று ஏக்கருக்குத் தனியாகத் தணிக்கைச் செலவு கட்டுபடியாகாது. சிறு உடைமையாளர்கள் குழுவாகச் சேர்ந்தே வாங்குகிறார்கள்.

கேள்வி: சான்றிதழ் என்பது காகிதம். தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பதே மரம் வெட்டும் நிறுவனந்தான். இதை எப்படி நம்புவது?

கூலி பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இந்தோனேசியாவின் கலிமந்தானில் ஒன்பது வெட்டுப் பகுதிகளை ஒப்பிட்டு 2014 இல் வெளிவந்த ஆய்வில், சான்றிதழ் பெற்ற மூன்றும் பெறாத ஆறும் கரிம உமிழ்வில் மொத்தமாக வேறுபடவில்லை. மரத்தை வீழ்த்தும் திறனைக் காகிதத்தால் கற்றுத்தர முடியாது என்றே இதை நான் படிக்கிறேன்.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் வலுவான சான்று உண்டு. காபோன், காங்கோ குடியரசு ஆகிய நாடுகளில் பதினான்கு வெட்டுப் பகுதிகளில் தானியங்கிக் கேமராக்களை வைத்து, பதின்மூன்று லட்சம் படங்களை ஆராய்ந்து 2024 இல் வெளியிட்டார்கள். எஃப்.எஸ்.சி. சான்று பெற்ற பகுதிகளில் பாலூட்டிகள் தென்பட்ட விகிதம் ஒன்றரை மடங்கு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட விலங்குகளில் 2.7 மடங்கு. யானையும் கொரில்லாவும் மரம் வெட்டுவதால் மட்டும் மறைவதில்லை. வெட்டுவதற்காகப் போட்ட சாலைவழியே வரும் வேட்டையால் மறைகின்றன. சான்றிதழ் வைத்த நிபந்தனைகளில் வேலை முடிந்த சாலையை மூடுவதும், நுழைவாயிலில் வண்டிகளைச் சோதிப்பதும், பணியாளர்களுக்கு வேறு இறைச்சி கிடைக்கச் செய்வதும் அடங்கும். தணிக்கையாளர் கண்ணால் எளிதில் சரிபார்க்கக்கூடியவை இவை. மூடிய சாலையைப் போலியாகக் காட்டுவது கடினம். கொடியை எப்போது அறுத்தார்கள் என்பதை மாற்றிச் சொல்வது எளிது. இரண்டு ஆய்வுகளும் அளந்தவை வேறுவேறு என்பதால் அவற்றை ஒன்றுக்கொன்று முரண் என்று நான் கருதவில்லை.

கேள்வி: மேசை வாங்கினேன், எஃப்.எஸ்.சி. "மிக்ஸ்" என்று முத்திரை இருக்கிறது. ஏமாற்றா?

இல்லை. சான்று பெற்ற காட்டு மரத்துடன், மறுசுழற்சிப் பொருளோ, சட்டவிரோத வெட்டு போன்ற மோசமான மூலங்களைத் தவிர்த்த வேறு மரமோ கலந்திருக்கலாம் என்று பொருள். உங்கள் மேசையின் ஒவ்வொரு பலகையும் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்தது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: தேர்ந்தெடுத்து வெட்டும்போது அதே அளவு மரத்துக்கு அதிகக் காட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறதே. சிறு பரப்பில் தீவிரமாக வெட்டிவிட்டு மீதியைத் தொடாமல் விடுவது மேல் அல்லவா?

துறையில் இன்னும் தீராத வாதம் இது. மென்மையான வெட்டு பரந்த நிலத்தைக் கேட்கிறது; பரந்த நிலம் நெடிய சாலையைக் கேட்கிறது; சாலையின் விளைவை மேலே பார்த்தோம். மறுபுறம், தீவிரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2014 இன் ஒரு தொகுப்பாய்வில், எக்டேருக்கு 38 கன மீட்டர் எடுக்கும்போது பாலூட்டி இனங்களும், 63 கன மீட்டர் எடுக்கும்போது தவளை முதலான நீர்நில வாழ்விகளும் பாதியாகக் குறைந்தன. தொடாமல் விடப்படும் மீதி உண்மையிலேயே தொடப்படாமல் இருக்கும் என்று சட்டமும் காவலும் உறுதியளிக்கும் இடத்தில் உங்கள் வழியை நான் ஆதரிப்பேன். பல இடங்களில் அந்த மீதி அடுத்த ஒப்பந்தத்தில் வெட்டுப் பகுதியாகப் பதிவாகிவிடுகிறது என்பதால், அங்கெல்லாம் குறைவாக வெட்டி, சாலையை மூடும் வழியையே தேர்வேன். இதில் என்னோடு உடன்படாத, என்னைவிட அனுபவம் மிக்க வனவியலாளர்கள் பலர் இருக்கிறார்கள்.