மூடியது போன் நம்பரை மட்டும்தானே?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நம்பி பணம் அனுப்ப வேண்டும் என்பதற்காக, ஆர்டர் வந்த சாட், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவேன். போன் நம்பரை எப்போதும் கறுப்புக் கோடு போட்டு மறைத்துவிடுவேன். போன மாதம் ஒரு டீச்சர் 4,200 ரூபாய்க்குப் பட்டுப்புடவை வாங்கினார். பார்சலை ஸ்கூல் அட்ரஸுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அந்த ஸ்டேட்டஸை அவர் நாத்தனார் பார்த்துவிட்டாராம். வீட்டில் பெரிய சண்டை. என்னைத் திட்டிவிட்டு பிளாக் செய்துவிட்டார். நம்பரை மறைத்த பிறகும் என் மீது என்ன தப்பு?

பதில்: வீடு இருக்கும்போது ஒரு பெண் பள்ளிக்கூட விலாசம் தருகிறார் என்றால் என்ன அர்த்தம் அம்மா? அது உங்களுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். புரியவில்லை என்றால் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பேன். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பார்சலை மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சேதியை ஊருக்கே அனுப்பிவிட்டீர்கள்.

கணவனிடம் மறைத்து வாங்குவது எனக்கும் பிடிக்காத விஷயம்தான். ஆனால் அதை அவரும் அவர் கணவரும் பேசித் தீர்க்கட்டும். சொந்தச் சம்பளத்தில் ஒரு புடவை எடுக்க ஒளிய வேண்டியிருக்கிற வீட்டில், முதலில் தலைகுனிய வேண்டியவர் அந்த நாத்தனார். அடுத்தது நீங்கள்.

நம்பரை மறைத்தேன் என்கிறீர்கள். நாத்தனாருக்கு எதற்கு நம்பர்? சாட்டின் மேல்பட்டையில் வட்டத்துக்குள் டீச்சரின் படம் இருந்திருக்கும், பக்கத்தில் நீங்கள் சேமித்த பெயர். ‘ஸ்கூலுக்கே அனுப்புங்க’ என்ற வரியும் அப்படியே நின்றிருக்கும். ஜிபே ரசீதில் வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர், தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் உண்டு. பலருக்கு யுபிஐ ஐடியே போன் நம்பர்தான். மேலே கோடு போட்டுவிட்டு, கீழே அதே எண்ணை விட்டுவைப்பவர்கள் ஏராளம். கூரியர் சீட்டில் பெயரை மடித்து மறைத்தாலும் பார்கோடு வெளியே தெரிந்தால், அதை ஸ்கேன் செய்து பார்சல் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

அந்தக் கறுப்புக் கோட்டையும் நம்பாதீர்கள். போனில் இருக்கிற சில பேனாக்கள் கறுப்பாகத் தெரிந்தாலும் முழுக்க அடைப்பதில்லை. நீங்கள் போட்ட படத்தையே கேலரியில் திறந்து, எடிட்டில் போய் படத்தின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பாருங்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் எட்டிப் பார்த்தால் ஊரும் பார்த்திருக்கும். வெட்டி எடுப்பதுதான் நல்லது. அதிலும் ஒரு சங்கதி: கூகுளின் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மிச்சப் பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்ததும், அதைத் திரும்ப எடுக்க முடிந்ததும் 2023-இல் தெரியவந்தது. பிறகு சரிசெய்தார்கள். எதற்கும், வெட்டிய படத்தைத் திரையில் வைத்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள்.

எதை வெட்டுவது என்று குழம்ப வேண்டாம், எதை வைப்பது என்று மட்டும் பாருங்கள். ‘புடவை வந்துச்சுக்கா, கலர் போட்டோல இருந்த மாதிரியே இருக்கு’ என்ற ஒரே ஒரு செய்திக் கட்டம் போதும். மேல்பட்டை, படம், நேரம் எதுவும் வேண்டாம். பண ரசீதைப் போடவே போடாதீர்கள். அவர் எவ்வளவு செலவழித்தார் என்பது உங்கள் விளம்பரம் ஆகாது. நம்பிக்கை வர வேண்டுமா? கட்டி அடுக்கிய பார்சல்களை விலாசப் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்துப் படம் எடுங்கள்.

அந்த ஒரு கட்டத்தைப் போடவும் கேட்டுத்தான் போட வேண்டும், அதுவும் பார்சல் கைக்குப் போன பிறகு. ‘பெயர், படம் இல்லாமல் இந்த வரியை மட்டும் போடலாமா?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். புடவை கட்டி அனுப்பிய போட்டோவுக்கு இன்னும் கண்டிப்பு. உங்களுக்குக் காட்டத்தான் அனுப்பினார். முகத்தில் பூ ஸ்டிக்கர் ஒட்டினாலும், பின்னால் தெரியும் சுவரையும் சாமி அலமாரியையும் பார்த்து யார் வீடு என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். இன்ஸ்டாகிராம் ஹைலைட்ஸில் சேர்த்தது நீங்கள் எடுக்கும்வரை அங்கேயே இருக்கும். இன்று இரவே உட்கார்ந்து பழையதை எல்லாம் அழியுங்கள். டீச்சருடையது முதலில்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், வேறு நம்பரிலிருந்து கூப்பிடவும் வேண்டாம். அவரே என்றைக்காவது பிளாக்கை எடுத்தால், பள்ளி நேரத்தில் ஒரே ஒரு வரி அனுப்புங்கள்.