வீசிங்கை மறைத்து எழுதலாமா?

“அக்கா, எனக்கு 31 வயது. கடலூரில் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வெள்ள நேரத்தில் மீட்பு வேலை செய்யும் ஒரு குழுவில் சேர விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். எப்போது வர முடியும், என்ன பயிற்சி, உடல்நிலை எப்படி என்று மூன்று கேள்வி. கிணற்றில் நன்றாக நீந்துவேன், காலேஜில் முதலுதவி வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஆனால் வீசிங் உண்டு. எழுதினால் கழித்துவிடுவார்களோ?”

எழுதுங்கள் தம்பி, அதைத்தான் முதலில் எழுதுங்கள். வெள்ளம் வடிந்த தெருவில் சேறு அள்ள வேண்டும், பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும். நாலு நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கும். அந்த வாடையும் குளோரின் நெடியும் சேர்ந்தால் வீசிங் இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், உங்களை அந்த வீட்டுக்கு அனுப்புகிறவருக்குத் தெரியாது. நீங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் உங்களைத் தூக்கிவர இன்னும் இரண்டு பேர் வேலையை விட வேண்டும்.

“வீசிங் உண்டு” என்று மொட்டையாக எழுதினால்தான் பயப்படுவார்கள். “வருடத்துக்கு இத்தனை தடவை வரும், கடைசியாக இந்த மாதம் வந்தது, இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும், தூசியும் பிளீச்சிங் பவுடரும் ஒத்துக்கொள்ளாது, நடப்பதிலும் தூக்குவதிலும் சிரமம் இல்லை” என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் உங்களை எங்கே போடக்கூடாது என்பதோடு எங்கே போடலாம் என்பதும் தெரிந்துவிடும். கணக்கு பார்க்கிறவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முகாமுக்கு எத்தனை பாய் வந்தது, எத்தனை போனது என்று பிசகாமல் எழுதிவைக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

தூக்குவதில் சிரமம் இல்லை என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள், கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு தடவை. இரண்டாவது தடவை எப்படி இருந்ததோ அதுதான் உங்கள் பதில். அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருடம் தாண்டிவிட்டதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், எப்போது வர முடியும் என்ற கேள்வி. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். “எப்போது வேண்டுமானாலும் தயார்” என்று எழுதியவர்களை நம்பி 2015 வெள்ளத்தின்போது ஒரு குழுவுக்காக நான் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு லீவு இல்லை, இன்னொருவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் விடிவதற்குள் வேறு ஆள் பிடிக்க நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் முக்கியம், அதற்கு மட்டும் தெளிவாக எழுதினால் போதும். மாதாமாதம் 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி வேலை இருக்கும் இல்லையா, அந்த நாட்கள் வர முடியாது என்று எழுதுங்கள். சனி இரவு முதல் ஞாயிறு இரவு வரை நிச்சயம், வார நாளில் ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு மேல், ஒரே மூச்சில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்பதை மேலாளரிடம் கேட்டுவிட்டு. உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுமா, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, எந்தப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும் என்பதும் வேண்டும். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள், சுற்றிலும் வெள்ளம், உதவிக்குப் போகிறவர்களும் எளிதில் உள்ளே போக முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் பாலத்துக்கு எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள்.

பயிற்சியில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கிணற்று நீச்சலை “கிணற்றில், நின்ற தண்ணீரில்” என்றே எழுதுங்கள், வெறும் “நீச்சல் தெரியும்” என்றால் வெள்ளத்தில் இறக்கிவிடுவார்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், அடியில் திறந்த சாக்கடை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. முதலுதவி வகுப்பு எந்த வருடம், எத்தனை நாள், நெஞ்சை அழுத்தும் பயிற்சியை பொம்மையில் கையால் செய்தீர்களா, வெறுமனே பார்த்தீர்களா என்பதும் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும், செய்யாமல் விட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். காலேஜில் படித்தது என்றால் “திரும்பப் பயிற்சி வேண்டும்” என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கலெக்டர் ஆபீஸில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பேரிடர் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சி அடுத்து எப்போது என்றும் கேளுங்கள். முன்பு நடந்தபோது 12 நாள் பயிற்சி அது, 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களை எடுத்தார்கள்.

விண்ணப்பத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வீட்டார் நம்பர் கேட்டிருப்பார்கள். யாருடைய நம்பரை எழுதுகிறீர்களோ அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், உங்கள் இன்ஹேலர் பெயரையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.