கரை ஒதுங்கிய உறையில் பொடி எழுத்தை வாசிப்பது எப்படி? – கேள்வி பதில்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் 21 வருஷம் வேலை பார்த்தேன். இறக்குமதிப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் லேபிளும் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இப்போது ராஜாக்கமங்கலம் பக்கம் இருக்கிறேன். காலையில் கடற்கரையில் நடக்கும்போது கிடக்கிற உறை, பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வாசித்துப் பார்ப்பேன். அதைத் தெரிந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சங்குதுறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பீச்சில் ஒரு நூடுல்ஸ் கவர் கிடைச்சுது. எழுத்து இங்கிலீஷ், ஆனா வார்த்தை இங்கிலீஷ் இல்ல. பார்கோடு 899-னு ஆரம்பிக்குது. இந்தோனேசியா தானே அண்ணாச்சி?

பாதி சரி பிள்ளே. நீங்கள் அனுப்பிய நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த எழுத்தின் மேலும் கீழும் புள்ளியோ கொம்போ இல்லை. ஆங்கில எழுத்து மட்டும் மொட்டையாக இருந்து, ஹலால் முத்திரையும் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது மலாய் அல்லது இந்தோனேசிய மொழி. இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. பெரிய எழுத்தில் இருக்கும் ‘மீ’, ‘ஆயாம்’ போன்ற சொற்களை வைத்துப் பிரிக்கவே முடியாது. நூடுல்ஸுக்கும் கோழிக்கும் இரண்டு மொழியிலும் அதே சொல்தான்.

பிரிந்து நிற்பது பொடி எழுத்தில். உங்கள் கவரின் பின்பக்கம் காலாவதி தேதிக்கு முன்னால் ‘தாரிக் லுபுட்’ என்று இருக்கிறது. தேதிக்கு ‘தாரிக்’ என்பது மலாய். இந்தோனேசியாவில் அதே இடத்தில் ‘தங்கால்’ என்பார்கள், காலாவதிக்கு ‘கெடாலுவார்சா’ என்று போடுவார்கள். அதற்கு ரெண்டு வரி கீழே ‘டிஇம்போர்ட் ஓலே’ என்று இருக்கிறது. ‘இறக்குமதி செய்தவர்’ என்று பொருள். அந்தச் சொல்லின் கடைசியில் ‘டி’ எழுத்து இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். மலாயில் அது இருக்கும், இந்தோனேசிய மொழியில் இருக்காது, ‘டிஇம்போர்’ என்று நின்றுவிடும். உங்கள் படத்தில் ‘டி’ தெளிவாக இருக்கிறது. அடுத்தாற்போல் வரும் கம்பெனிப் பெயர் ‘எஸ்.டி.என். பி.எச்.டி.’ என்று முடிகிறது. அது மலேசியாவின் பிரைவேட் லிமிடெட். இந்தோனேசியக் கம்பெனி என்றால் பெயருக்கு முன்னால் ‘பி.டி.’ என்று வந்திருக்கும்.

ஆனால் கடைசி வரியில் ‘ப்ரோடுக் இந்தோனேசியா’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே செய்தது இந்தோனேசியாவில், விற்கப் போனது மலேசியாவுக்கு. இந்தோனேசியாவிலேயே விற்கிற கவர் என்றால் அந்த நாட்டு உணவுத் துறையின் ‘பி.பி.ஓ.எம்.’ என்ற எழுத்தும் ‘எம்.டி.’ என்று தொடங்கும் நீண்ட எண்ணும் இருக்கும். முழுக் கவரும் படத்தில் தெரிகிறது, அந்த எண் எங்கும் இல்லை. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் பாக்கி. புரூனேயிலும் மலாய்தான், அங்கேயும் கம்பெனிப் பெயர் அப்படியேதான் முடியும். இறக்குமதியாளரின் முகவரி வரி கிழிந்துவிட்டது. தொலைபேசி எண்ணின் தொடக்கம் 60 என்றால் மலேசியா, 673 என்றால் புரூனே. அந்த ஓரம் கிடைத்தால் அனுப்புங்கள்.

இந்த வித்தியாசத்தை நான் அடிபட்டுக் கற்றேன். ஒரு சரக்கில் லேபிள் மலாயில் இருந்ததைப் பார்த்து, உற்பத்தி நாடு மலேசியா என்று எழுதிவிட்டேன். சரக்கு வேறு நாட்டில் செய்தது. காகிதம் திருத்தி வர 11 நாள் பெட்டி யார்டில் கிடந்தது, வாடகை ஏறியது. அதிலிருந்து லேபிளை எடுத்தால் மூன்று கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பேன்: யார் வாசிக்க அச்சடித்தது, எங்கே செய்தது, யார் பதிவு செய்தது.

மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவர்: எதுக்கு இவ்வளவு? பார்கோடு முன்னால 3 நம்பர் பார்த்தா போதும். 890 இந்தியா, 899 இந்தோனேசியா, 955 மலேசியா, 885 தாய்லாந்து, 479 இலங்கை. எனக்கு மனப்பாடம்.

நீங்கள் சொன்ன எண்கள் அத்தனையும் சரி அண்ணே. ஆனால் அந்த மூன்று இலக்கம் சொல்வது, கம்பெனி எந்த நாட்டு அமைப்பிடம் பார்கோடு வாங்கியது என்பதை மட்டும்தான். 955 வாங்கிய கம்பெனி தன் பொருளை வேறு நாட்டில் செய்யச் சொல்லி, இன்னொரு நாட்டில் விற்கலாம். மேலே உள்ள நூடுல்ஸ் கவரையே பாருங்கள். பார்கோடு மட்டும் பார்த்தால் மலேசியச் சந்தை என்ற விஷயமே தெரியாமல் போயிருக்கும். நான் பார்கோடைக் கடைசியில்தான் பார்ப்பேன், முதலில் பார்த்தால் மனசு அங்கேயே நின்றுவிடும்.

தேங்காப்பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியை: எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். ஒரு பிஸ்கட் கவர்ல மலையாளம் மாதிரியே உருண்டை உருண்டையா எழுத்து, ஆனா ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியல.

விளவங்கோடு பக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும் குழப்பம் டீச்சர். அது சிங்களம். பர்மிய எழுத்தும் உருண்டைதான், ஆனால் அதில் ஒரு பக்கம் வாய் திறந்த முழு வட்டங்கள் வரிசையாக வரும். சிங்களத்தில் வட்டம் உள்ளே சுருண்டு, மேலே கொக்கி போட்டு முடியும்.

எழுத்தின் வடிவத்தை நம்புவதைவிடக் கவரைத் திருப்பிப் பாருங்கள். இலங்கைக் கவர்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம். உங்கள் படத்தின் மூலையில் ‘திகதி’ என்று தமிழில் இருக்கிறது. நம் ஊர்க் கவர் என்றால் ‘தேதி’ என்றுதான் அச்சடிப்பார்கள். இதைச் சொல்லக் காரணம், தமிழ் எழுத்தைப் பார்த்ததும் ‘நம்ம ஊர்க் குப்பை’ என்று ஓரம் தள்ளிவிடுகிறார்கள். இந்திய உணவு உறை என்றால் 14 இலக்க உரிம எண்ணும், சைவம் என்றால் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் இருக்கும். தமிழ் இருந்து அந்த இரண்டும் இல்லாவிட்டால் கொஞ்சம் நின்று ‘திகதி’யைத் தேடுங்கள்.

முட்டத்திலிருந்து ஒரு பையன்: பாட்டில்ல 15/03/67-னு போட்டிருக்கு. 1967-ல செஞ்சதா? அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

1967 இல்லை தம்பி. எழுத்துகளின் நுனியில் குட்டி வளையம் இருக்கிறது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. அது தாய்லாந்து. அங்கே புத்த ஆண்டு போடுவார்கள், 67 என்றால் 2567. அதில் 543 கழித்தால் 2024. அங்கே சில கம்பெனிகள் ஆங்கில ஆண்டும் போடுகிறார்கள், அதனால் 24, 25 என்று இருந்தால் கழிக்க வேண்டாம். அந்த எழுத்தோடு 67, 68 என்று பெரிய எண் வந்தால் மட்டும் கழித்துப் பாருங்கள்.

குளச்சலிலிருந்து ஓர் அம்மா: எங்க வீட்டுக்காரர் வளைகுடாவுல இருந்து கொண்டு வந்த மாத்திரை அட்டையில அரபு எழுத்து இருக்கு. இது சாப்பிடலாமா, என்ன நாட்டு மாத்திரை?

அக்கா, சாப்பிடலாமா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அட்டையோடு மருந்துக் கடையில் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். எந்த நாடு என்பதற்கு மட்டும் சொல்கிறேன். தேதியில் ஐந்து என்ற எண் சின்ன வட்டமாக இருந்தால் அரபு. தலைகீழான இதயம் மாதிரி இருந்தால் பாரசீகம், அதாவது பெரும்பாலும் ஈரான். உங்கள் அட்டையில் இருப்பது தலைகீழ் இதயம். ஆண்டு 1403 என்று இருக்கிறது, அது ஈரானியக் கணக்கு, 2024 மார்ச்சில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த வருஷம். காலாவதிக் கட்டத்தில்தான் அந்த எண் இருக்கிறது, ஆகவே நாள் கடந்துவிட்டது. அதையும் கடையில் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பொறியாளர்: என்கிட்ட உள்ள மூடி பிரெஞ்சு. எழுத்து மேல சாய்கோடு, தொப்பி எல்லாம் இருக்கு.

சாய்கோடும் தொப்பியும் பிரெஞ்சில் உண்டு, அதுவரை சரி. ஆனால் உங்கள் மூடியில் ஒரே எழுத்தின் மேல் தொப்பியும், அதற்கு மேல் இன்னொரு கோடும் அடுக்கியிருக்கிறது. பிரெஞ்சில் ஒரு எழுத்துக்கு ஒரு குறிதான். இரண்டு குறி அடுக்கினால் வியட்நாம். ‘ஓ’வுக்கும் ‘யு’வுக்கும் வலது தோளில் சின்னக் கொம்பு முளைத்திருப்பதையும், குறுக்குக் கோடு போட்ட ‘D’ எழுத்தையும் பாருங்கள். சொற்கள் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய குட்டிச் சொற்கள். மூடியின் விளிம்பில் ‘எச்.எஸ்.டி.’ என்று இருப்பது காலாவதிக்கு அவர்கள் போடும் சுருக்கம், உற்பத்திக்கு ‘என்.எஸ்.எக்ஸ்.’ என்று போடுவார்கள்.

தூத்தூரிலிருந்து ஒரு மீனவர்: இதெல்லாம் அங்கேயிருந்து மிதந்து வந்ததுன்னு சொல்றீங்க. நான் நடுக்கடல்ல பார்த்திருக்கேன், கப்பல்ல இருந்து மூட்டையா வீசுவான்.

மிதந்து வந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை அண்ணே, ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி. லேபிள் எந்தச் சந்தைக்கு அச்சடித்தது என்று மட்டும் சொல்லும். எந்தக் கை வீசியது என்று சொல்லாது. பிளாஸ்டிக்கைக் கப்பலிலிருந்து கடலில் போடக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 கடைசியில் நடப்புக்கு வந்தது, இருந்தும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டமும் இலங்கைக்குத் தெற்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது, ஆகவே மிதந்து வரவும் வழி இருக்கிறது.

நான் பார்ப்பது இரண்டு. உற்பத்தித் தேதி ரெண்டு மாசத்துக்கு உள்ளே இருந்து, மை மங்காமல், உறையில் எதுவும் ஒட்டி வளராமல் இருந்தால் கப்பல் அல்லது படகு என்றே நினைப்பேன். காம்போடு ஒட்டி வளரும் கொட்டலசு மொத்தமாகப் பிடித்திருந்தால் கொஞ்ச காலம் கடலில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மலாக்கா நீரிணைப் பக்கத்துக் கரையில் இறங்கியதா, நம் தெற்கே போகும் கப்பலில் இருந்து விழுந்ததா என்பதை என்னால் பிரிக்க முடியவில்லை. நீங்கள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகும்போது, கப்பலிலிருந்து வீசிய மூட்டை கைக்கு எட்டினால், மேல் உறையில் காலாவதித் தேதியையும் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். எந்த இடத்தில் என்று ஜிபிஎஸ் எண்ணையும் குறித்துவைத்தால், கரையில் கிடைத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.