கனவில் வாசலுக்கு வரும் புலி

கேள்வி: சில மாதங்களாக ஒரே கனவு வருகிறது. வாசலில் புலி நிற்கிறது. கதவைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. நான் புலியை நேரில் பார்த்ததே இல்லை. எதிரி வரப்போகிறான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. அப்படிச் சொன்னவர்கள் கனவுப் பலன் பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் ஒரு விலங்குக்கு ஒரு பலன்தான் உண்டு. கனவு கண்டவர் யார், எங்கே வளர்ந்தார், அந்த விலங்கு அவரை என்ன செய்தது என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. எனக்கும் ஏறத்தாழ இதே கனவு இரண்டு ஆண்டுகள் வந்தது. அதற்காக ஒரு மனநல ஆலோசகரிடம் பல மாதங்கள் சென்றேன். அங்கே கற்றதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே நாய்க்கும் கோழிக்கும் ஆசைப்பட்டு வீட்டருகே வருவது சிறுத்தைதான், ஆனால் பெரியவர்கள் அதையும் புலி என்றே சொல்வார்கள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஓர் இரவு, யாரோ ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சிறுத்தை அப்படித்தான் குரல் கொடுக்கும். பாட்டி எழுந்து குறுக்குக் கட்டையைக் கதவில் போட்டுவிட்டு, "அது வந்திருக்கு, மூச்சு விடாத கண்ணு" என்று என் வாயைப் பொத்தினாள். மறுநாள் காலை வாசலின் ஈரமண்ணில் பதிந்திருந்த கால்தடத்தைக் காட்டி, நாயின் தடத்தில் நகம் பதியும், இதில் பதியாது என்று விளக்கினாள். எங்கள் நாயைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நானும் உங்களைப் போலவே அந்த விலங்கைக் கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் பாட்டியின் முகத்தையும், வாயைப் பொத்திய அவள் கை நடுங்கியதையும்தான்.

பார்க்காத விலங்குக்கு ஏன் இவ்வளவு பயம் என்ற கேள்விக்கு, 1980களில் சூசன் மினேகா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் நல்ல விடை தருகின்றன. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. ஆனால் காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதைச் சிறிது நேரம் பார்த்ததுமே அவையும் அஞ்சக் கற்றுக்கொண்டன, அந்த அச்சம் மாதக்கணக்கில் நிலைத்தது. அடுத்து, குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல வீடியோவை வெட்டி ஒட்டி வேறு கூண்டுக் குரங்குகளுக்குக் காட்டியபோது, பூவுக்கு அஞ்ச அவை கற்றுக்கொள்ளவில்லை. பயம் முழுமையாக உருவாகி உடலோடு பிறப்பதில்லை. சிலவற்றுக்கு மட்டும் மிக எளிதில் அஞ்சிவிடும் ஆயத்தநிலை உடலில் இருக்கிறது, அதை நிரப்புவது பக்கத்தில் இருப்பவரின் முகம். என் விஷயத்தில் அது பாட்டியின் முகம். உங்களுக்கு அது சிறுவயதில் கேட்ட ஒரு கதையாகவோ, சோறூட்டியவர் காட்டிய பூச்சாண்டியாகவோ இருந்திருக்கலாம்.

இப்படி உருவான அச்சம், கண்ணெதிரே விலங்கு இல்லாத இடத்திலும் விலங்கைப் பார்க்கும். குறுந்தொகையின் 47ஆம் பாடலில், வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை இரவுக் காட்டில் புலிக்குட்டிபோலத் தோன்றுகிறது என்று தோழி நிலவிடம் சொல்கிறாள். அந்த வழியே இரவில் களவாக வரும் தலைவனைப் பற்றியதுதான் அவளுடைய கவலை. பாறை பாறையாகத்தான் இருக்கிறது, கவலைதான் அதற்கு வரி போடுகிறது. கனவில் வரும் விலங்கையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பெயரில்லாமல் உடலில் கிடக்கும் ஓர் உணர்ச்சிக்கு மனம் ஒரு தோலையும் நான்கு கால்களையும் கொடுத்துவிடுகிறது.

என் கனவுக்கு வருகிறேன். அப்பா ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிறு வீடு கட்டினார். அவர் படுக்கையில் விழுந்தபின் ஆறு ஆண்டுகள் நான்தான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்தபின் அண்ணன்கள் இருவரும் கேட்டுக்கொண்டபடி, வீட்டில் எனக்கிருந்த பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். சிரித்த முகத்தோடுதான் போட்டேன். பெரிய அண்ணனுக்கு நானே காபியும் வாங்கிக் கொடுத்தேன். கனவு அதற்குப் பின் சில வாரங்களில் தொடங்கியது. நான் லைன் வீட்டுக்குள் நிற்கிறேன். கதவுக்கு வெளியே புலி. கீழ் இடுக்கு வழியாக அதன் மூச்சு என் கால்விரல்களில் சூடாகப் படுகிறது. குறுக்குக் கட்டை என் கையில் இருக்கிறது, போடத்தான் முடியவில்லை.

ஆலோசகர் எந்தப் பலனும் சொல்லவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டார். இப்போது இருக்கும் வீட்டை விட்டுவிட்டு ஏன் பழைய வீட்டுக் கதவு? புலி கதவை இடித்ததா, பிராண்டியதா? உங்கள் ஊரில் வருவது சிறுத்தை என்றால், கனவில் வந்ததற்கு உடம்பில் வரி இருந்தது என்கிறீர்களே, அந்த வரி எங்கிருந்து வந்தது? கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். அந்தக் கதவை ஒட்டிய சுவரில் ஐயப்பன் புலிமேல் அமர்ந்திருக்கும் நாட்காட்டிப் படம் பல ஆண்டுகள் தொங்கியது. நான் பார்த்து வளர்ந்த வரிப்புலி அது ஒன்றுதான்.

"அந்தக் கதையைச் சொல்லுங்கம்மா" என்றார். எல்லோருக்கும் தெரிந்த கதைதானே என்று தொடங்கினேன். பந்தளத்து ராணி தன் வயிற்றில் பிறந்த மகனுக்கே அரசு கிடைக்க வேண்டும் என்று தலைவலி வந்ததாக நடிக்கிறாள். புலிப்பால்தான் மருந்து என்று மருத்துவரைச் சொல்லவைத்து, வளர்ப்புப் பிள்ளை மணிகண்டனைக் காட்டுக்கு அனுப்பவைக்கிறாள். அவன் புலிமேல் ஏறி, புலிகள் சூழ அரண்மனை வாசலுக்கு வந்து நிற்கிறான். அந்த இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. உரிமை மறுக்கப்பட்ட பிள்ளை புலியோடு வாசலுக்கு வரும் கதையைத்தான் இருபது ஆண்டுகள் சுவரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆலோசகர் பயன்படுத்தியது சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் வகுத்த முறை. முதலில் கனவு கண்டவருடைய சொந்த நினைவுகளைக் கேட்பது, பிறகு அவர் வளர்ந்த மரபில் அந்த உருவத்துக்கு உள்ள கதைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கனவில் வரும் விலங்கை வெளியே உள்ள ஒருவராகவும் படிக்கலாம், கனவு கண்டவரின் ஒரு பகுதியாகவும் படிக்கலாம் என்பார் யுங். விலங்குகளை அவர் பெரும்பாலும் இயல்பூக்கத்தோடு, அதாவது அறிவு தலையிடும் முன்பே உடல் செய்ய விரும்புவதோடு, சேர்த்துப் பார்த்தார். கனவில் துரத்தும் கொடிய விலங்கு நம்மிடம் வந்து சேர விரும்புகிறது என்பது அவருடைய பார்வை. நான் இரண்டு ஆண்டுகளாக அந்தப் புலியை அண்ணன்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அது என் கோபம். பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று, "மூச்சு விடாத" என்று நானே அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

இந்த விளக்கம் சரிதான் என்று அறிவியல் முறையில் நிரூபிக்க வழியில்லை. யுங்கின் கருத்துகளில் பலவற்றுக்கு அத்தகைய சான்று கிடையாது. நான் நம்பும் அடையாளங்கள் இரண்டு. விளக்கம் பொருந்தும்போது உடல் முதலில் ஒப்புக்கொள்ளும். எனக்குக் குரல் அடைத்ததைப்போல. பிறகு கனவு மாறும். பெரிய அண்ணனிடம், "அண்ணா, அன்னைக்கு நான் மனசார கையெழுத்துப் போடலை" என்று சொன்னேன். அவர் வீட்டைத் திருப்பித் தரவில்லை, சில மாதங்கள் பேசவும் இல்லை. ஆனால் அதன்பின் கனவு இரண்டே முறைதான் வந்தது, இரண்டிலும் புலி வாசலை விட்டு விலகி முற்றத்தில் படுத்திருந்தது. அழகாகத் தோன்றியும் உடலில் எதையும் அசைக்காத விளக்கத்தை விட்டுவிடுங்கள், அது வேறு யாருடைய கனவுக்கோ உரியது.

எல்லா வாசல் புலிக்கும் இந்த முறை பொருந்தாது. உண்மையாகவே தாக்குதலுக்கோ விபத்துக்கோ வன்முறைக்கோ ஆளானவர்களுக்குக் கனவு பல சமயம் அந்தச் சம்பவத்தை ஏறத்தாழ அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டும். அங்கே பொருள் தேடுவது காயத்தைக் கிளறுவதாகிவிடும். அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது: விழித்திருக்கும்போது கெட்ட கனவை எழுதி, அதை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தை மட்டும் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பேரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் கொடுங்கனவுகள் இந்தப் பயிற்சியால் கணிசமாகக் குறைந்தன. இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவர் துணையோடு தொடங்குவது நல்லது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். கண் விழித்திருக்கிறது, அறை அப்படியே தெரிகிறது, கை கால் மட்டும் அசையவில்லை, வாசலில் ஏதோ நிற்கிறது என்றால் அது தூக்க முடக்கம். ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடலின் தசைகள் இயல்பாகவே செயலிழந்திருக்கும். அந்த நிலை நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிடுவதுதான் காரணம். தூக்கம் குறைந்தாலும், மல்லாந்து படுத்தாலும் இது கூடுதலாக வரும். அதில் வரும் உருவத்துக்குப் பொருள் தேடுவதற்கு முன் தூங்கும் நேரத்தைச் சீராக்கிப் பாருங்கள்.

உங்கள் கனவு இந்த இரண்டிலும் சேராது என்றால், அடுத்த முறை விழித்ததும் விளக்கைப் போட்டு உடனே எழுதுங்கள். அந்தக் கதவு நீங்கள் எப்போது வாழ்ந்த வீட்டுக் கதவு? புலி உள்ளே பார்க்கிறதா, தெருவைப் பார்க்கிறதா? கனவு தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நீங்கள் மனமில்லாமல் சரி என்று சொன்னது எதற்கு? திறக்கவும் மூடவும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எதைச் செய்ய உங்கள் கை முதலில் போகிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள், நான் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.