அதிகாலை ஓட்டத்துக்குத் தன்னார்வலர்கள்: கேள்வி பதில்

எங்கள் ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்ள வசதியில்லாத நோயாளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்துக்கு ஆறு ஆண்டுகளாகத் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்து வருகிறேன். முதன்முறையாக இப்பொறுப்பை ஏற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஓட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து: 1,000 பேர் ஓட வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். எத்தனை தன்னார்வலர்கள் வேண்டும்? பத்துப் பேருக்கு ஒருவர் என்கிறார் நண்பர்.

அந்தக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓடும் பாதையின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை இருசக்கர வண்டியில் போய் வாருங்கள். எங்கள் பாதை ஐந்து கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பி வருவது. 10 கி.மீ. ஓடுபவர்கள் 400 பேர்; 2.5 கி.மீ. புள்ளியில் திரும்பி 5 கி.மீ. ஓடுபவர்கள் 600 பேர். வழியில் குறுக்கே சேரும் தெருக்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் இருவர் என்றால் 12 பேர். பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் 8, வண்டி நிறுத்துமிடத்தில் 4, முடிவுக்கோட்டில் பதக்கமும் சிற்றுண்டியும் கொடுக்க 12, தண்ணீர் மேசைகள் இரண்டுக்கும் 15, எந்த வேலையும் ஒதுக்காமல் கையிருப்பாக 5. ஆக 56 பேர்.

தண்ணீர் மேசைகளில்தான் முதல் ஆண்டு தவறிழைத்தேன். இரண்டு மேசைகளுக்கும் சமமாக ஆட்களைப் பிரித்துவிட்டேன். 5 கி.மீ. புள்ளியிலுள்ள மேசையை 400 பேர் ஒரே முறைதான் கடக்கிறார்கள். 2.5 கி.மீ. மேசையையோ அதே 400 பேர் போகும்போதும் வரும்போதும் கடக்க, அவர்களோடு 600 பேரும் அங்கே வந்து திரும்புகிறார்கள். மொத்தம் 1,400 முறை. 10 கி.மீ. ஓட்டம் 5.45-க்கும் 5 கி.மீ. ஓட்டம் 6.15-க்கும் தொடங்கியதால், திரும்பி வருபவர்களும் புதிதாக வருபவர்களும் 6.30-க்கும் 7 மணிக்கும் இடையில் அந்த ஒரே மேசையில் எதிரெதிராக மோதிக்கொண்டார்கள். ஏழு பிள்ளைகள் நின்று கேனைச் சாய்த்துக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருக்க, ஓடி வந்தவர்கள் கேனின் வாயிலேயே கையை நீட்டினார்கள். மறு ஆண்டு 2.5 கி.மீ. மேசையில் பத்துப் பேர், 5 கி.மீ. மேசையில் ஐந்து பேர் என்று மாற்றினோம். முதல் ஆள் வருவதற்கு முன்பே பாதியளவு நிரப்பிய கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்தோம். கடைசி ஆள் எவ்வளவு மெதுவாக வந்தாலும் 6.40-க்குள் 5 கி.மீ. மேசையைத் தாண்டிவிடுவார் என்பதால், அந்த ஐவரையும் ஒரு சிறு வேனில் ஏற்றி முடிவுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, கூட்டம் குவியும் நேரத்தில் பதக்க மேசையில் நிறுத்தினோம். உங்கள் பாதை வளையமாகச் சுற்றி வருவது என்றால் இந்த நெரிசல் இராது. அப்போது கணக்கும் வேறு.

கோவையிலிருந்து: எப்படியும் பாதிப் பேர்தான் வருவார்கள். ஆகவே இரண்டு மடங்கு பேரைச் சேர்த்துவிட்டால் கவலையில்லை அல்லவா?

பாதி சரி. படிவத்தில் பெயர் எழுதியவர்கள் எல்லோரும் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோருமே வந்துவிட்டால், வேலையின்றி நிற்கும் ஐம்பது பேர் அன்றைக்கே மனம் கசந்து போவார்கள். அடுத்த ஆண்டு அவர்களை அழைக்கவே முடியாது. சென்ற ஆண்டு எங்களிடம் 94 பேர் பெயர் கொடுத்தார்கள். பத்து நாள் முன்னதாக ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் மாரியம்மன் கோயில் முக்கில், 4.45 முதல் 7.45 வரை, உங்களோடு இன்னொருவர் இருப்பார்" என்று இடத்தையும் நேரத்தையும் சொன்னோம். அந்த அழைப்பிலேயே 24 பேர் கழன்றுகொண்டார்கள். எஞ்சிய 70 பேரில் 61 பேர் வந்தார்கள். கழன்றவர்களில் சிலர் அதிகாலையில் எழ முடியாதவர்கள் மட்டுமே. அவர்களை முந்தைய நாள் சனிக்கிழமை, ஓடுபவர்களுக்கு எண் அட்டையும் சட்டையும் வழங்கும் வேலைக்கு நான்கு மணி நேரப் பிரிவுகளாக மாற்றிக்கொண்டோம்.

எனவே தேவையைவிடக் கால் பங்கு கூடுதலாக உறுதி செய்யுங்கள். அந்த விகிதம் எங்கள் ஊருக்கு ஒத்து வந்தது. உங்கள் ஊரின் விகிதம் முதல் ஆண்டு முடிந்த பிறகே தெரியும், ஆகவே வந்தவர்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

ஒரு கல்லூரி ஆசிரியர்: சான்றிதழ் உண்டு என்று அறிவித்தால் என் மாணவர்கள் நூறு பேர் வருவார்கள். தொலைபேசி அழைப்பெல்லாம் எதற்கு?

வருவார்கள், ஐயா, கையெழுத்திட்டுவிட்டு ஏழு மணிக்கு எங்கே போனார்கள் என்பதுதான் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி கணக்கில் வர வேண்டியிருப்பதால், அவர்கள் நேரத்தைப் பதிவு செய்யக் கேட்பது நியாயமே. நாங்கள் வருகைப் பதிவேட்டை நுழைவாயிலில் வைப்பதில்லை. ஒவ்வோர் இடத்தின் பொறுப்பாளரிடமும் தன் குழுவுக்கு மட்டுமான ஒரு தாள் இருக்கும். வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் அவரே எழுதுவார். உங்களைப் போன்ற திட்ட அலுவலர்களிடம் மூன்று வாரம் முன்னதாகவே கடிதம் கொடுத்து, தேர்வுத் தேதிகளைக் கேட்டுக்கொண்ட பிறகே நாங்கள் எண்ணிக்கையை முடிவு செய்கிறோம். ஒரு முறை கேட்காமல் விட்டு, திங்கட்கிழமை உள்தேர்வு என்று முப்பது பேர் ஒரே இரவில் விலகினார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: எங்கள் கோயில் அன்னதானத்துக்கு நாற்பது பேர் தாமாகவே வருகிறார்கள். பட்டியல் இல்லை, வாட்ஸ்அப் குழு இல்லை, பொறுப்பாளர் இல்லை. நீங்கள் சொல்வது வீண் வேலையாகத் தோன்றுகிறது.

உங்களிடமும் பட்டியல் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். சாம்பார் வாளியை யார் தூக்குவார், இலை போடுவது யார், எச்சில் இலை எடுப்பது எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது அந்த நாற்பது பேருக்கும் பல ஆண்டுகளாகத் தெரியும். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத 56 பேர் இருட்டில் முதன்முறையாகக் கூடும்போது அந்த அறிவு யாரிடமும் இராது. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுண்டு: ஒருவருக்கு ஒரு வேலை பிடித்துவிட்டால் ஆண்டுதோறும் அதே வேலையையே கொடுப்பது. எங்கள் பை மேசைப் பொறுப்பாளர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவரை நான் வேறு எங்கும் மாற்றியதே இல்லை.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: நாலரை மணிக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள். விடுதித் தோழிகளுக்கு வாயிற்கதவே திறக்காது. என்ன செய்வது?

இதை ஒருங்கிணைப்பாளர்தான் தீர்க்க வேண்டும். உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நகரப் பேருந்தும் எளிதில் கிடைக்காது. நாங்கள் விடுதிக் காப்பாளருக்கு வேனின் எண், ஓட்டுநர் பெயர், உடன் வரும் பெண் பொறுப்பாளரின் தொலைபேசி எண், திரும்பி வரும் நேரம் ஆகியவற்றுடன் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுக்கிறோம். வீட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆறரை மணிக்குத் தொடங்கும் முடிவுக்கோட்டு வேலையைக் கொடுக்கிறோம். பொழுது விடியும் முன் எந்தத் தெருமுனையிலும் யாரையும் தனியே நிறுத்துவதில்லை, ஆணாயினும். தன்னார்வலர்கள் வாகனங்களை மறிக்கவும் கூடாது; அது காவலர்களின் வேலை. கொடியைக் காட்டி எச்சரிப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தன்னார்வலராக வந்தால் நானும் ஓடலாமா?

இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம்.

தஞ்சாவூரிலிருந்து: காலை ஐந்து மணிக்கு எட்டுப் பேர் வரவில்லை என்று தெரிகிறது. அப்போது?

ஐந்து மணிக்குத் தெரிந்தால் தாமதம். ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் எட்டு, பத்துப் பேர் கொண்ட சிறு குழுவில் நான்கு மணிக்கு "எழுந்தாயிற்றா?" என்று கேட்க, "கிளம்பிட்டேன்" என்ற பதில் 4.20-க்குள் வராதவரை அழைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரையும் ஒரே பெரிய குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கிடையில் அந்தப் பதிலைத் தேடவே நேரம் போய்விடும். கையிருப்பு ஐவரை முதலில் தெருமுனைகளுக்கு அனுப்புங்கள், பிறகு 2.5 கி.மீ. மேசைக்கு. அதற்கும் போதாவிட்டால் பதக்க மேசையிலிருந்து எடுங்கள்; பதக்கத்துக்காக இரண்டு நிமிடம் வரிசையில் நிற்பதால் யாருக்கும் அடிபடாது.

திருநெல்வேலியிலிருந்து: சென்ற ஆண்டு வந்தவர்களில் பத்துப் பேர்கூட இந்த ஆண்டு வரவில்லை. நன்றிக் கூட்டம் நடத்தினோம், சட்டை கொடுத்தோம். எங்கே தவறினோம்?

அன்றைய காலையில் என்ன நடந்தது என்று வராதவர்களையே கேளுங்கள். நான் கேட்டபோது கிடைத்த பதிலை இன்னும் மறக்கவில்லை. கடைசித் தெருமுனையில் நின்ற ஒரு பையன், ஓட்டம் முடிந்து மேடையும் கலைந்த பிறகும் ஒன்பதேகால் வரை கொடியோடு நின்றிருக்கிறான். முடிந்துவிட்டது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. இட்லிப் பொட்டலமும் அங்கே போய்ச் சேரவில்லை. அவன் எதிரிலிருந்த தேநீர்க் கடைக்காரர்தான், "தம்பி, எல்லாரும் போயிட்டாங்க" என்றிருக்கிறார். பொறுப்பு முழுக்க என்னுடையது.

இப்போது கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் வருகிறார். ஒவ்வொரு முனையிலும் இறங்கி, "உங்கள் பணி முடிந்தது" என்று சொல்லிக் கொடியை வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பார். சிற்றுண்டிப் பொட்டலங்கள் தொலைவிலுள்ள முனைகளிலிருந்து தொடங்கி உள்நோக்கி வருகின்றன. முன்பு மேடையிலிருந்து தொடங்கியதால்தான் கடைசியில் தீர்ந்துபோயின. இரண்டு நாட்களுக்குள் திரட்டிய தொகையையும், அது எத்தனை பேருடைய எத்தனை முறை டயாலிசிஸுக்குப் போகிறது என்பதையும் வந்த அனைவருக்கும் தெரிவிக்கிறோம். நன்றாகச் செய்த ஐந்தாறு பேரிடம் அடுத்த ஆண்டு பொறுப்பாளராக இருக்க முடியுமா என்று அந்த வாரத்திலேயே கேட்டுவிடுகிறோம்.

அதே ஆசிரியர் மீண்டும்: பேருந்துக் கட்டணம் கொடுத்தால்தான் ஏழை மாணவர்கள் வர முடியும். கொடுப்பது சரியா?

எங்கள் குழுவிலேயே இதில் ஒத்த கருத்து இல்லை. நோயாளிகளுக்கான பணத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்கிறார் பொருளாளர். கையிலிருந்து செலவழிக்க முடிந்தவர்கள் மட்டுமே தொண்டு செய்ய வேண்டுமா என்று நான் கேட்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வேன் செலவை ஒரு துணிக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டதால் கேள்வி தள்ளிப்போயிருக்கிறது. அவர் இந்த ஆண்டு இன்னும் பதில் சொல்லவில்லை.