ஏறிக்கொண்டே போகும் தவணை: வட்டி கூடுமா, குறையுமா?

கேள்வி: சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்கிறேன், உட்லண்ட்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். திருச்சியில் அடுக்குமாடி வீடு வாங்க இந்திய வங்கி ஒன்று 40 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறது. 15 ஆண்டு, 9 விழுக்காடு, மாறும் வட்டி. ஒரே தவணை என்றால் மாதம் 40,571 ரூபாய். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறும் தவணை என்றால் 30,566-இல் தொடங்குகிறது. தவணையை ஏற்றிக்கொண்டே போனால் வட்டி மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். வங்கி அதிகாரியும் அதையே எடுக்கச் சொல்கிறார். என்னால் இப்போதைக்கு 36 ஆயிரம் வரை கட்ட முடியும். எதை எடுப்பது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கடன் வேறு, வங்கி உங்களிடம் காட்டும் கடன் வேறு. இரண்டிலும் தவணை ஆண்டுதோறும் ஏறுகிறது. ஒன்றில் வட்டி குறையும், மற்றதில் கூடும். எது எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாறும் வட்டிக் கடனில் வட்டி கணக்கிடுவது ஒன்றும் மர்மம் இல்லை. மாதத் தொடக்கத்தில் எவ்வளவு அசல் பாக்கி இருக்கிறதோ, அதற்கு அந்த மாத வட்டி. நீங்கள் கட்டும் தவணை முதலில் அந்த வட்டியைத் தீர்க்கும், மிஞ்சுவதுதான் அசலில் கழியும். அசல் சீக்கிரம் இறங்கினால் மொத்த வட்டி குறையும், மெதுவாக இறங்கினால் கூடும். தவணை ஏறுகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதை வட்டி கண்டுகொள்வதில்லை.

உங்கள் கடனுக்கே பார்ப்போம். 40 லட்சத்துக்கு 9 விழுக்காட்டில் முதல் மாத வட்டி சரியாக 30,000 ரூபாய். வங்கி சொல்லும் ஏறும் தவணையின் முதல் மாதம் 30,566. அதாவது வட்டி போக அசலில் கழிவது 566 ரூபாய். முதல் ஆண்டு முழுக்கக் கட்டி முடித்து, 3 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் போன பிறகு கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் பாக்கி 39,92,916 என்று இருக்கும். ஓராண்டில் குறைந்த அசல் ஏழாயிரம் ரூபாய் சொச்சம்தான். ஒரே தவணை 40,571 கட்டியிருந்தால் அதே நாளில் பாக்கி 38,67,787-ஆக இருந்திருக்கும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரிந்திருக்கும். ஏறும் தவணையில் 37.37 லட்சம் பாக்கி, ஒரே தவணையில் 32.03 லட்சம் பாக்கி.

ஏறும் தவணை ஏழாவது ஆண்டில்தான் 40,571-ஐத் தாண்டுகிறது. அதுவரை ஆறு ஆண்டுகளில் நீங்கள் குறைவாகக் கட்டிய தொகை மொத்தம் 4.26 லட்சம். அப்புறம் ஒன்பது ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டப்போவது 10.38 லட்சம். கடைசி ஆண்டில் மாதத் தவணை 60,519 ரூபாய். குறைவாகக் கட்டியதற்கும் கூடுதலாகக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கூடுதல் வட்டி. ஒரே தவணையில் மொத்த வட்டி 33.03 லட்சம், ஏறும் தவணையில் 39.15 லட்சம். 6.12 லட்சம் அதிகம்.

வங்கி உங்களை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் விட்டுவைத்த பணத்துக்கு வட்டி வாங்குகிறது, அவ்வளவுதான். தொடக்கத்தில் மாதாமாதம் மிஞ்சும் அந்தப் பத்தாயிரம் உங்களுக்கு வேறு இடத்தில் அவசரமாகத் தேவைப்பட்டால் இந்தத் திட்டம் நியாயமானதே. இங்கே கடன் அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடுகிறது. அப்படி ஒரு பாக்கி இருந்து, மிச்சமாகும் பணத்தில் அதை அடைப்பீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், முதல் தவணை சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுடையது மாறும் வட்டி. முதல் ஆண்டிலேயே வட்டி விகிதம் கால் விழுக்காடு ஏறினால் மாத வட்டி ஏறக்குறைய 30,800 ஆகிவிடும். 30,566 கட்டினால் வட்டிக்கே போதாது, கட்டக் கட்ட அசல் வளரும். கடன் காலத்தை நீட்டும்போது அசல் இப்படி வளரும் நிலை வரக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் அட்டவணையில் இல்லாத நேரத்தில் தவணையை உயர்த்தச் சொல்லி உங்களுக்குக் கடிதம் வரலாம். எந்த ஏறும் தவணைத் திட்டத்தையும் நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கடன் தொகையை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200-ஆல் வகுங்கள். வருவது முதல் மாத வட்டி. தவணை அதற்குக் கீழே இருந்தாலோ, உங்களுடையதைப் போல ஒட்டிக்கொண்டு இருந்தாலோ தொடக்க ஆண்டுகளில் அசல் நகராது.

சரி, நண்பர் சொன்ன கடனுக்கு வருவோம். அவர் சொல்வது தொடக்கத் தவணையைக் குறைக்காமல், அதன் மேல் ஏற்றிக்கொண்டு போவது. உங்களால் 36 ஆயிரம் கட்ட முடியும் என்கிறீர்கள். இதே 40 லட்சத்தை, இதே 9 விழுக்காட்டில், 20 ஆண்டுக்கு ஒரே தவணையில் கேளுங்கள். மாதம் 35,989 வரும். 20 ஆண்டும் அப்படியே கட்டிக்கொண்டிருந்தால் மொத்த வட்டி 46.37 லட்சம். கேட்கவே பயமாக இருக்கும், பொறுங்கள். முதல் ஆண்டு 35,989 கட்டுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் 5 விழுக்காடு நீங்களாகவே கூட்டுங்கள். இரண்டாம் ஆண்டில் 37,788, மூன்றாம் ஆண்டில் 39,678 என்று போகும். 12 ஆண்டும் ஒரு மாதமும் ஆகும்போது கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி 29.23 லட்சம். வங்கி காட்டிய ஏறும் தவணையைவிட ஏறக்குறைய 10 லட்சம் குறைவு, 15 ஆண்டு ஒரே தவணையையும்விடக் குறைவு. இரண்டிலும் ஏற்றம் அதே 5 விழுக்காடுதான். இது 30,566-இல் தொடங்காமல் 35,989-இல் தொடங்குகிறது, அதனால் முதல் மாதத்திலிருந்தே ஆறாயிரம் ரூபாய் அசலில் விழுகிறது.

எனக்கு இந்த வழி பிடிப்பதற்கு வட்டியைவிடப் பெரிய காரணம் உங்கள் பாஸ். எம்ப்ளாய்மென்ட் பாஸ் முதலில் இரண்டு ஆண்டு வரை தருகிறார்கள், புதுப்பித்தால் மூன்று ஆண்டு வரை. வங்கியின் அட்டவணையோ 15 ஆண்டும் சம்பளம் ஏறும் என்று நம்பிப் போட்டது. பதினொன்றாம் ஆண்டில் வேலை போய் ஊருக்குத் திரும்பி, திருச்சிச் சம்பளத்தில் இருந்தாலும் அந்த ஒப்பந்தப்படி மாதம் ஏறக்குறைய 50 ஆயிரம் கட்டியாக வேண்டும். நீங்களாக ஏற்றிக்கொள்ளும் வழியில் அந்தச் சிக்கல் இல்லை. கெட்ட காலம் வந்தால் 35,989-க்கே திரும்பிவிடலாம். வங்கி கேட்க முடியாது, ஏனென்றால் கூடுதலாகக் கட்டியது உங்கள் விருப்பம்.

இப்படி முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கேட்பீர்கள். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012-லேயே தடுத்துவிட்டது. நிலையான வட்டி என்றால் அது வேறு கதை, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அதே போல, இங்கே சிங்கப்பூரில் வங்கியில் வீட்டுக் கடன் வாங்குபவர்கள் பிணைப்புக் காலத்தைப் பார்க்காமல் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துக்குள் முன்கூட்டிக் கட்டினால் பெரும்பாலும் அபராதம் உண்டு. வீவக கடனில் அது கிடையாது.

வங்கிக்காரர் தரும் தாளை நம்பாமல் நீங்களே சரிபார்க்க விரும்பினால் எக்செல் போதும். ஒரே தவணைக்குக் கீழே உள்ள முதல் வரி. ஏறும் தவணைக்கு, A பத்தியில் மாதத் தொடக்கப் பாக்கியும் B பத்தியில் அந்த மாதத் தவணையும் போட்டு, இரண்டாம் வரியை A3-இல் எழுதிக் கீழே இழுங்கள். 12 வரிக்கு ஒருமுறை B-யை 1.05-ஆல் பெருக்குங்கள். B பத்தியின் கூட்டலில் 40 லட்சத்தைக் கழித்தால் மொத்த வட்டி.

```
=PMT(9%/12,180,-4000000)
=A2*(1+9%/12)-B2
```

அதிகாரியிடம் பேசும்போது "எது நல்லது?" என்று கேட்காதீர்கள். "இரண்டு திட்டத்துக்கும் முழுத் தவணை அட்டவணை கொடுங்கள், ஐந்தாம் ஆண்டு முடிவில் அசல் பாக்கி எவ்வளவு?" என்று கேளுங்கள். ஏறும் தவணையைக் காட்டி 40 லட்சத்துக்குப் பதில் 48 லட்சம் வரை தருகிறோம் என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. வருங்காலச் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் அப்படி முடிகிறது. அந்த எட்டு லட்சத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

கடைசியாக, கூடுதல் பணத்தை எப்படிக் கட்டுவது என்பது. மாதாமாதம் தவணையோடு சேர்த்து அனுப்பினால் சில வங்கிகள் அதை அசலில் கழிக்காமல் கணக்கில் சும்மா வைத்திருக்கும். பகுதி முன்கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகையும் வைத்திருப்பார்கள். அதனால் என்ஆர்இ கணக்கில் மூன்று நான்கு மாதம் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டுங்கள், வட்டியில் வித்தியாசம் சொற்பம்தான். ஒவ்வொரு முறையும் கடிதத்தில், "இதை அசலில் கழித்து, தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்துவிடக்கூடும், அப்படி ஆனால் 12 ஆண்டில் முடிய வேண்டிய கடன் 20 ஆண்டுவரை இழுக்கும். பத்து நாளில் புதிய அட்டவணை வாங்கி, கடைசித் தவணையின் மாதம் முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.